ஸ்கோப்பில் பாரலாக்ஸ்: கண் நகர்ந்தால் குண்டு படும் இடம் ஏன் நகர்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் .22 ரைபிளும் 50 மீட்டர் தூரமும்தான். நான் அதிகம் சுடுவது அதில்தான்.

பாரலாக்ஸ், பாரலாக்ஸ் என்கிறார்கள். அது என்னதான்?

பள்ளிக்கூடத்தில் படித்த 'இடமாறு தோற்றப் பிழை'தான். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் தப்பாக அளப்போம் என்று அறிவியல் வாத்தியார் சொன்னாரே, அதே சங்கதி. கார் ஓட்டுபவருக்கு முள் 60-இல் நிற்கும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தால் 65 போலத் தெரியும், "மெதுவாப் போ" என்பார். முள்ளும் எண்கள் எழுதிய தட்டும் ஒரே தளத்தில் இல்லை, நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. முள்ளைத் தட்டின் மேலேயே வரைந்திருந்தால் எங்கிருந்து பார்த்தாலும் 60தான்.

குறிபார்க்க ரைபிள் மேல் மாட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதிலும் அப்படி இரண்டு தளங்கள் உண்டு. முன்லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழலுக்குள் ஓரிடத்தில் விழவைக்கிறது. குறிவைக்க உதவும் குறுக்கிழை அதே குழலுக்குள் ஓரிடத்தில் இருக்கிறது. பிம்பம் சரியாக இழை இருக்கும் தளத்தில் விழுந்தால் பாரலாக்ஸ் கிடையாது. கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுந்தால் முள்ளும் தட்டும் கதைதான்: கண்ணை அசைத்தால் இழை இலக்கின் மேல் ஊர்வதுபோல் தெரியும்.

பிம்பம் எங்கே விழும் என்பது இலக்கின் தூரத்தைப் பொறுத்தது. கிட்டே இருக்கும் பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து சற்றுத் தள்ளி விழும், தூரத்துப் பொருளினுடையது சற்று முன்னால் விழும். அதனால் எந்த ஸ்கோப்பும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் பாரலாக்ஸ் இல்லாமல் இருக்கும்.

கண்ணைத்தானே அசைத்தேன், ரைபிளை அசைக்கவில்லையே! குண்டு எப்படி இடம் மாறும்?

ரைபிளையும் அசைத்திருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

ரைபிள் மணல் மூட்டையில் அசையாமல் இருந்தால் கண் எங்கே போனாலும் குண்டு ஒரே இடத்துக்குத்தான் போகும். ஆனால் கையில் பிடித்துச் சுடும்போது என்ன நடக்கிறது? கன்னம் ஒரு பக்கம் தள்ளிப் பதிகிறது. இழை மையத்தை விட்டு வலது பக்கம் ஊர்ந்துபோனதாகத் தெரிகிறது. "குறி விலகிவிட்டது" என்று ரைபிளை இடது பக்கம் தள்ளி இழையை மையத்தில் வைக்கிறீர்கள். உண்மையில் பேரல் அதற்கு முன்புதான் சரியாக இருந்தது. நீங்கள் செய்த திருத்தம்தான் பிழை.

எந்தப் பக்கம் தள்ளும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஸ்கோப் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டதோ அதைவிடக் கிட்டே இலக்கு இருந்தால், கண் வலது பக்கம் நகர்ந்தால் குண்டு இடது பக்கம் படும். கண் கீழே இறங்கினால் குண்டு மேலே படும். இலக்கு அந்தத் தூரத்தைத் தாண்டி இருந்தால் கண் நகரும் பக்கமே குண்டும் போகும். குழப்பமாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: குறுக்கிழை அந்தக் குறிப்பிட்ட தூரத்தில் காற்றில் மிதக்கிறது, நீங்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறீர்கள். பேருந்தில் போகும்போது தூரத்து மலை நம்மோடு கூடவே வருவதுபோலவும் பக்கத்து மின்கம்பம் பின்னால் ஓடுவதுபோலவும் தெரிகிறதல்லவா? மிதக்கும் இழை இலக்குக்குப் பின்னால் இருந்தால் மலை, முன்னால் இருந்தால் கம்பம்.

எவ்வளவு தள்ளும்? மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல முடியுமா?

முடியும். கணக்கும் எளிது.

```
அதிகபட்சப் பிழை = (முன்லென்ஸ் விட்டம் ÷ 2) × (தூர வித்தியாசம் ÷ சரிசெய்த தூரம்)
```

வேட்டை ரைபிளுக்கென்று விற்கும் சாதாரண 3-9×40 ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 3-9 என்பது உருப்பெருக்க மடங்கு, 40 என்பது முன்லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். பெரும்பாலும் 100 கெஜத்துக்குத் தொழிற்சாலையிலேயே நிலையாக வைத்துவிடுவார்கள். 100 கெஜம் என்றால் 91.4 மீட்டர். அதில் 50 மீட்டர் இலக்கைப் பார்க்கிறோம். வித்தியாசம் 41.4 மீட்டர், அதை 91.4-ஆல் வகுத்தால் 0.45. லென்ஸின் பாதி 20 மி.மீ. பெருக்கினால் 9 மி.மீ.

அதாவது கண்ணை ஒரு ஓரத்துக்கே கொண்டுபோனாலும் ஒரு பக்கம் 9 மி.மீ.க்கு மேல் தள்ளாது. அந்தப் பக்க ஓரத்திலிருந்து இந்தப் பக்க ஓரம் வரை 18 மி.மீ. இது பெரிதா சிறிதா? சர்வதேச 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. மையத்தில் விழ வேண்டிய குண்டை ஒன்பதுக்குத் தள்ள இந்தப் பிழை ஒன்றே போதும். அதே ஸ்கோப்பை 25 மீட்டரில் வைத்தால் பிழை 14.5 மி.மீ. வரை ஏறும்.

இவை எல்லாம் உச்சவரம்புகள். அன்றாடத்துக்கு வேறொரு கணக்கு இன்னும் உதவும். கண் 1 மி.மீ. நகர்ந்தால் முன்லென்ஸில் அது உருப்பெருக்கத்தின் மடங்கு. 9 மடங்கு வைத்திருந்தால் 9 மி.மீ. நகர்ந்த மாதிரி. அதை 0.45-ஆல் பெருக்கினால் 50 மீட்டர் தாளில் ஏறத்தாழ 4 மி.மீ. கன்னம் 1 மி.மீ. தள்ளிப் பதிந்தது என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது.

பத்து ரவுண்டு சுட்டால் இரண்டு கூட்டமாக விழுகிறது. ஸ்கோப் பழுதா, மவுண்ட் லூஸா?

முதலில் ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்திருக்கும் மவுண்ட் திருகுகளைப் பாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பழுது என்று முடிவுகட்டும் முன் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ரேஞ்சில் ஒரு தம்பி, வலது கைக்காரர். மேலே சொன்ன அதே மாதிரி 3-9×40, நிலையான 100 கெஜம், .22 ரைபிளில் மாட்டி 50 மீட்டரில் படுத்துச் சுடுகிறார். முதல் ஐந்து குண்டு ஒரு நாணயத்துக்குள் அடங்கிவிடும். எழுந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்ப்பார், சந்தோஷமாக மறுபடி படுப்பார். அடுத்த ஐந்தும் அதேபோல் நெருக்கமாக, ஆனால் 8 மி.மீ. வலது பக்கம். காற்று இல்லை, குண்டு ஒரே பெட்டி. திருகுகளை இறுக்கினார், ஒட்டும் மருந்து போட்டார், இரண்டு வாரம் போயிற்று. மவுண்ட் லூஸாக இருந்தால் பெரும்பாலும் கூட்டமே சிதறும், இவ்வளவு ஒழுங்காக இரண்டாகப் பிரியாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கடைசியில் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரைபிளை மணல் பைகளில் அசையாமல் பதித்தோம். இழையை மையத்தில் நிறுத்தி, ரைபிளைத் தொடாமல் தலையை மட்டும் இடவலமாக மெல்ல அசைக்கச் சொன்னேன். "அண்ணா, நடக்குதுண்ணா!" என்றார். இழை பத்தாம் வளையத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது.

நடந்தது இதுதான். முதல் ஐந்தில் கழுத்து புதிது, கன்னத்தைக் கட்டையில் நன்றாக அழுத்துவார். வலது கைக்காரர் கன்னத்தை அழுத்தினால் கண் வலது பக்கம் போகும். எழுந்து வந்து படுத்தபின் லேசாகத்தான் வைப்பார், கண் இடது பக்கம் நிற்கும். இரண்டுக்கும் இடையில் மொத்தம் 2 மி.மீ. இருந்தால் போதும்: ஒரு மி.மீ.க்கு 4 என்று 8 வந்துவிடுகிறது. இலக்கு 100 கெஜத்துக்குக் கிட்டே இருப்பதால் கண் இடது பக்கம் போக, குண்டு வலது பக்கம் போயிருக்கிறது. திசையும் அளவும் இரண்டுமே பொருந்தியபின் சந்தேகத்துக்கு இடமில்லை.

பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கிறதே, அது என்ன செய்கிறது?

ஸ்கோப்பின் நடுவில் மேலே ஒரு குமிழ், வலது பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அவை குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த. இடது பக்கம் மூன்றாவதாக ஒன்று இருந்தால் அதுதான் சைடு ஃபோகஸ். அதைத் திருப்பினால் முன்லென்ஸுக்கும் இழைக்கும் நடுவில் இருக்கும் ஒரு லென்ஸ் குழலுக்குள் முன்னும் பின்னும் நகரும். இழை நகராது. இலக்கின் பிம்பத்தை இழுத்து வந்து இழையின் தளத்தில் போடுவதுதான் அந்த லென்ஸின் வேலை.

சில ஸ்கோப்புகளில் குமிழுக்குப் பதில் முன்லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். ஏ.ஓ. என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அங்கே முன்லென்ஸே நகர்கிறது. வேலை ஒன்றுதான், ஆனால் படுத்த நிலையில் கையை அவ்வளவு முன்னால் நீட்டித் திருப்புவதற்குள் உடம்பு கலைந்துவிடும். பக்கக் குமிழ் அதற்காக வந்த வசதி.

குமிழில் எண்களின் இடைவெளியைக் கவனித்திருப்பீர்கள். 10 கெஜத்துக்கும் 20-க்கும் நடுவே நிறையத் திருப்ப வேண்டும். 200-க்கும் 500-க்கும் நடுவே ஒரு நகக்கண் அளவுதான். கிட்டே இருக்கும் பொருள்களுக்குப் பிம்பம் வேகமாக இடம் மாறும், தூரம் போகப்போக மாற்றம் சுருங்கிவிடும். ஏர் ரைபிளில் ஃபீல்டு டார்கெட் ஆடுபவர்கள் இதையே தந்திரமாக்கிக்கொண்டார்கள். குமிழின் மேல் தட்டு அளவுக்குப் பெரிய சக்கரத்தை மாட்டி, இலக்கு எந்த இடத்தில் தெளிகிறது என்று பார்த்து, சக்கரத்தில் ஒட்டிய நாடாவில் தூரத்தைப் படிக்கிறார்கள். 55 கெஜம் வரைதான் அவர்களுடைய இலக்குகள் என்பதால் அது நடக்கிறது. 300 மீட்டரில் அந்த வித்தை பலிக்காது.

படம் பளிச்சென்று தெரிகிறது. அப்படியானால் பாரலாக்ஸ் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

நம் கண் சும்மா இருக்காது, தானே ஃபோகஸை மாற்றிக்கொள்ளும், குறிப்பாக இளவயதில். பிம்பம் இழையின் தளத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருந்தாலும் கண் சமாளித்து இரண்டையும் தெளிவாகக் காட்டிவிடும். உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், பாரலாக்ஸும் அப்படியே இருக்கும்.

இதைத் தவிர்க்க முதலில் கண்ணருகு லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். ஸ்கோப்பின் பின்முனையில் சுழலும் வளையம் அது. அது இழையை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்குவதற்கு மட்டும். இலக்கின் தெளிவுக்கு அதைத் திருப்பக் கூடாது. வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பாருங்கள் (சூரியன் பக்கமே போக வேண்டாம்). இரண்டு விநாடி மட்டும் பார்த்துவிட்டு கண்ணை எடுங்கள். பார்த்த கணத்திலேயே இழை கன்னங்கரேலென்று தெரிய வேண்டும். மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளிந்தால் கண் சமாளிக்கிறது என்று அர்த்தம். வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, வேறெங்காவது தூரத்தில் பார்த்துவிட்டு மறுபடி பாருங்கள். உறுத்துப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் உங்களை ஏய்த்துவிடும். ஒருமுறை சரியாக அமைந்தால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு அப்புறம் தொடவே வேண்டாம், கண்ணாடி பவர் மாறினால் தவிர.

அதற்குப் பிறகுதான் பக்கக் குமிழ். இலக்கு தெளியும் வரை திருப்புங்கள், பிறகு தலையை அசைத்துப் பாருங்கள். இழை இன்னும் ஊர்ந்தால் ஊர்வது நிற்கும் வரை குமிழை மயிரிழையாகத் திருப்புங்கள். தெளிவும் ஊராத நிலையும் ஒரே இடத்தில் அமையாமல் கொஞ்சம் விலகி நின்றால், ஊராத நிலைக்கே நான் ஓட்டுப் போடுவேன். பெரிதாக விலகினால் கண்ணருகு லென்ஸை மறுபடி பார்க்க வேண்டும்.

குமிழில் 50 என்று எழுதியிருக்கிறது, 50-இல் வைத்தேன். போதாதா?

அந்த எண்ணை வீட்டு எண் மாதிரி நம்பாதீர்கள், தெருப் பெயர் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். 50 என்பது கெஜமா மீட்டரா என்பதே ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும். வெயிலில் குழலும் லென்ஸும் சூடாகும்போது சரியான இடம் கொஞ்சம் நகரும். காலை ஏழு மணிக்கு வைத்தது மதியம் பன்னிரண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். அதோடு குமிழின் உள் பாகங்களில் சிறு ஆட்டம் உண்டு. இந்தப் பக்கமிருந்து 50-க்கு வந்தால் லென்ஸ் ஓரிடம், அந்தப் பக்கமிருந்து வந்தால் வேறிடம். அதனால் எப்போதும் ஒரே திசையிலிருந்து வாருங்கள். நான் முடிவிலிக் குறி வரை போய்விட்டு அங்கிருந்து கீழே வருகிறேன்.

என் குமிழில் உண்மையான 50 மீட்டர் இருக்கும் இடத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறேன். அச்சிட்ட 50-இலிருந்து அது கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது.

என் ஸ்கோப்பில் குமிழும் இல்லை, வளையமும் இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். கண் ஸ்கோப்பின் நடு அச்சில் நின்றால் பாரலாக்ஸ் பிழை பூஜ்யம், ஸ்கோப் எந்தத் தூரத்துக்கு வைக்கப்பட்டிருந்தாலும். ஆகவே கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வழியைத் தேடினால் போதும்.

நம்மூரில் கிடைக்கும் பல ரைபிள்களின் கட்டை லென்ஸ் இல்லாத திறந்த குறிக்காக வடிவமைத்தது, தாழ்வாக இருக்கும். மேலே ஸ்கோப்பை மாட்டியதும் கன்னம் எட்டாமல் தாடையை ஊன்றிப் பார்க்கிறோம். தாடை எலும்பு ஒரே இடத்தில் உட்காராது. கட்டையின் மேல் கெட்டி ஃபோமை வைத்துத் துணி நாடாவால் சுற்றி, கண்ணை மூடிக் கன்னத்தை வைத்துத் திறந்தால் படம் முழுதாகத் தெரியும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன தம்பிக்கு இது மட்டும்தான் செய்தோம், அப்புறம் இரண்டு கூட்டம் ஒன்றாகிவிட்டது. அழகாக இல்லைதான்.

இன்னொன்று, முன்லென்ஸ் மூடியின் நடுவில் 20 மி.மீ. ஓட்டை போட்டு மாட்டிச் சுடலாம். சூத்திரத்தில் விட்டம் பாதியாகிறது, எனவே அதிகபட்சப் பிழையும் பாதி. வெளிச்சம் குறையும், பகலில் பெரிய பாதகமில்லை.

சில ஸ்கோப்புகளில் முன்லென்ஸின் பூட்டு வளையத்தைத் தளர்த்தி 50 மீட்டருக்கு மாற்றிவிடலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே அடைத்திருக்கும் வாயு போய்விட்டால் மழைக்காலத்தில் உள்பக்கம் பனி படரும், உத்தரவாதமும் போகும். புதிதாக வாங்குவதாக இருந்தால் .22-க்கென்று 50 கெஜத்துக்கு வைத்த ஸ்கோப்புகளே உண்டு. 50 மீட்டரில் அவற்றின் அதிகபட்சப் பிழை 2 மி.மீ.கூட இல்லை.

ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு நிழல் தெரிகிறது. அதுதான் பாரலாக்ஸா?

அது வேறு, ஆனால் நல்ல நண்பன். கண் அச்சை விட்டு விலகினால் ஒரு பக்கம் பிறை விழும். பிறையைக் கண்டால் பாரலாக்ஸுக்கு வாய்ப்பு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் வேண்டுமென்றே தலையைச் சற்றுப் பின்னால் எடுத்து, படத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் கறுப்பு வளையம் வரும்படி வைத்துக்கொள்வார்கள். வளையம் சமமாக இருந்தால் கண் நடுவில் இருக்கிறது. குமிழ் இல்லாத ஸ்கோப்புக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. பின்னுதைப்பு பலமான ரைபிளில் மட்டும் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைக் குறைத்துவிடாதீர்கள், புருவம் கிழியும்.

உருப்பெருக்கத்தைக் குறைத்தால் பிழை குறையுமா?

பாதி உண்மை. 3 மடங்கில் கண் 1 மி.மீ. நகர்ந்தால் 50 மீட்டரில் 1.4 மி.மீ.தான். ஆனால் வெளிவரும் ஒளிவட்டம் பெரிதாகிவிடுவதால் கண் நிழல் படாமல் அலைய இடமும் அதிகம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. வட்டம், 3-ஆல் வகுத்தால் 13 மி.மீ. உச்சவரம்பு மாறுவதே இல்லை, அதே 9 மி.மீ. குறைந்த மடங்கில் இழை ஊர்வது கண்ணுக்குத் தெரியாது, அதனால் குறைந்த மாதிரி தோன்றும். சோதனையை எப்போதும் அதிகபட்ச மடங்கில் செய்யுங்கள்.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் போகிறேன். இதெல்லாம் எனக்கு வேண்டுமா?

போட்டி ரைபிளில் ஸ்கோப்பே கூடாது, சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். வீட்டு மாடியில் பயிற்சிக்கு ஸ்கோப் மாட்டியிருந்தால் மட்டும் கவனியுங்கள். 100 கெஜத்துக்கு வைத்த 40 மி.மீ. ஸ்கோப் 10 மீட்டரில் 18 மி.மீ. வரை தள்ளும். அந்த இலக்கில் பத்து என்பது வெறும் அரை மி.மீ. புள்ளி. அதற்கு 10 கெஜம் வரை இறங்கும் குமிழ் உள்ள ஸ்கோப்தான் சரி.